அப்லோட் ஓடும்போது பிங் ஏன் எகிறுகிறது?

வீட்டுக் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இந்த ஒற்றை வரியைத் தட்டுங்கள்.

```
ping -t 8.8.8.8
```

விண்டோஸில் இப்படி, மேக், லினக்ஸில் `-t` வேண்டாம். வினாடிக்கு ஒரு வரி வரும். ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம் மில்லிவினாடியில் இருக்கும். உங்கள் கணினியிலிருந்து ஒரு சிறு செய்தி கூகுளின் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுத்த நேரம் அது. நல்ல ஃபைபர் இணைப்பில் பத்திலிருந்து முப்பதுக்குள் ஏதோ ஓர் எண் அமைதியாக வந்துகொண்டிருக்கும்.

அதை ஓடவிட்டுவிட்டு, கைப்பேசியிலிருந்து ஒரு பெரிய வீடியோவை டிரைவுக்கோ கூகுள் போட்டோஸுக்கோ ஏற்றுங்கள். உங்கள் இணைப்பில் அப்லோட் வேகம் குறைவு என்றால் எண்கள் ஏறத் தொடங்குவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். 20, 60, 150, 400 என்று போய் சில வீடுகளில் ஆயிரத்தையும் தாண்டும். வீடியோ ஏறி முடிந்த ஓரிரு வினாடிகளில் பழைய 20க்கே வந்துவிடும். பக்கத்து அறையில் கேம் ஆடும் பிள்ளை அந்நேரம் பார்த்துத்தான் கத்துவான். ஜூம் வழியாக நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் குரல் அந்நேரம் பார்த்துத்தான் துண்டு துண்டாகும்.

கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். எடுத்தால் வாங்கிய வேகம் முழுசாக வந்திருக்கும். ஒரு வினாடியில் எவ்வளவு தரவு போனது என்பதையே அந்தச் சோதனை பெரிய எழுத்தில் காட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் வழியில் எவ்வளவு நேரம் நின்றது என்பது வேறு கணக்கு. ஊக்லாவின் ஸ்பீடுடெஸ்ட் செயலி இப்போது டவுன்லோட், அப்லோட் ஓடும்போதைய பிங்கையும் சிறிய எண்களாகத் தனியே காட்டுகிறது, பலர் கவனிப்பதில்லை. நம் சிக்கல் அந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது. அதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர்.

இணையத்தில் போகும் எதுவும் பாக்கெட் எனப்படும் துண்டுகளாகத்தான் போகிறது. பெரிய பாக்கெட் ஒன்று 1,500 பைட். பிட் கணக்கில் 12,000. அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்கு ஒரு கோடி பிட் வெளியே போகலாம். அப்படியானால் ஒரு பாக்கெட் வெளியேற 1.2 மில்லிவினாடி ஆகும். ஆனால் கைப்பேசியிலிருந்து ரூட்டர் வரையுள்ள வைஃபை இதைப்போல் முப்பது மடங்கு வேகத்தில்கூட ஓடக்கூடியது. உள்ளே வேகமாக வருகிறது, வெளியே மெல்லப் போகிறது. நடுவில் மிஞ்சுவதை மோடம் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. அந்த இடம்தான் பஃபர்.

பஃபர் இருப்பதில் தவறில்லை. திடீரென்று ஒரு கொத்துப் பாக்கெட் வந்தால் தாங்கிக்கொள்ள அது வேண்டும். தவறு அதன் அளவில். லினக்ஸில் ஈதர்நெட் இணைப்புகளுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த இயல்பான வரிசை நீளம் 1,000 பாக்கெட். ஆயிரம் பெரிய பாக்கெட் என்றால் 1.2 கோடி பிட். ஒரு ஜிகாபிட் இணைப்பில் அந்த வரிசை 12 மில்லிவினாடியில் காலியாகிவிடும்; யாருக்கும் தெரியாது. அதே வரிசை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் காலியாக 1.2 வினாடி எடுக்கும். 1 எம்பிபிஎஸ் என்றால் 12 வினாடி. வரிசையின் நீளம் மாறவில்லை, வாசல்தான் குறுகிவிட்டது. நினைவகச் சில்லுகள் மலிவாகிப்போனதாலும், ஒரு பாக்கெட்டைத் தொலைப்பது பெரிய குற்றம் என்ற எண்ணம் இருந்ததாலும், கருவி செய்பவர்கள் பஃபரைத் தாராளமாக வைத்தார்கள். எந்த வேகத்துக்கு எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் கணக்குப் போடவில்லை.

அஞ்சலகத்தில் ஒரே ஒரு கவுன்டர் என்று வையுங்கள். ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஐந்நூறு பதிவுத் தபால்களோடு வந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பாட்டி. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தபால் தலை. அவருடைய வேலை பத்து வினாடிதான், ஆனால் அரைநாள் நிற்க வேண்டும். கேம் அனுப்பும் பாக்கெட்டுகள் அந்தப் பாட்டியைப் போல. பெரும்பாலான கேம்களுக்கு 1 எம்பிபிஎஸ்கூட வேண்டியதில்லை. சின்னச் சின்ன பாக்கெட்டுகள், ஆனால் உடனே போக வேண்டும். வீடியோ அப்லோட் அந்த ஐந்நூறு தபால்.

அப்படியானால் அப்லோட் செய்யும் கைப்பேசி கொஞ்சம் நிதானமாக அனுப்பக் கூடாதா? கூடும்; ஆனால் நிதானிக்க வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். இங்கே 1986ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அன்றைய இணையம் நெரிசலில் திணறி விழத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சில நூறு மீட்டர் தள்ளியிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் வினாடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. அங்கிருந்த வான் ஜேக்கப்சன் 1988இல் ஒரு தீர்வை எழுதினார். அனுப்புகிறவர் மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒரு பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று புரிந்துகொண்டு சட்டென்று குறைத்துக்கொள்ள வேண்டும். இன்றும் இணையத்தின் பெரும்பகுதி டிசிபி என்ற நெறிமுறையில் இந்த அடிப்படையில்தான் ஓடுகிறது.

அந்த ஏற்பாட்டில் பாக்கெட் தொலைவதுதான் எச்சரிக்கை மணி. பஃபர் பெரிதாக இருந்தால் எதுவும் தொலைவதில்லை. மணி அடிப்பதே இல்லை. அனுப்புகிறவர் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நம்பி இன்னும் இன்னும் திணிக்கிறார். கடைசியில் பஃபர் நிரம்பி வழியும்போதுதான் செய்தி போய்ச் சேருகிறது. வேகத்தைக் குறைத்தாலும் வரிசை கொஞ்சம்தான் குறைகிறது, திரும்பவும் நிரம்புகிறது. இப்படி அந்த ஒரு வினாடி வரிசை அப்லோட் முடியும்வரை அங்கேயே நிலைத்து நிற்கிறது. இதனால் அப்லோட் ஒரு நொடிகூட முன்னதாக முடிவதில்லை என்பதுதான் கொடுமை. வாசல் எப்படியும் 10 எம்பிபிஎஸ்தான். நீண்ட வரிசையால் யாருக்கும் லாபமில்லை. பின்னால் நிற்பவர்களுக்கு நஷ்டம் மட்டுமே.

அப்லோட் நடக்கும்போது டவுன்லோடும் இழுப்பது இதனால்தான். யூடியூபிலிருந்து தரவு வரவர, வந்து சேர்ந்தது என்று உங்கள் கருவி சின்னச் சின்ன ரசீதுகளைத் திருப்பி அனுப்புகிறது. அந்த ரசீதுகளும் அதே அப்லோட் வரிசையில்தான் நிற்க வேண்டும். ரசீது வராததால் அந்தப் பக்கம் அடுத்ததை அனுப்பாமல் காத்திருக்கிறது.

இதை உலகத்துக்குச் சொல்லிப் பெயரும் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர், எச்டிடிபி 1.1 நெறிமுறையின் ஆசிரியர்களிலும் ஒருவர். 2010இல் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது, சில மில்லிவினாடிகளில் திரும்ப வேண்டிய பாக்கெட்டுகள் ஒரு வினாடிக்கும் மேல் எடுப்பதைப் பார்த்தார். இணையத்தின் உள்ளறையை அறிந்தவர் என்பதால் மோடத்தை அணைத்துப் போடுவதோடு விடவில்லை. பாக்கெட் பாக்கெட்டாகப் பதிவெடுத்து ஆராய்ந்தார். தன் வீட்டு மோடம் மட்டுமல்ல, வைஃபை, கைப்பேசி வலையமைப்பு, கணினியின் உள்ளேயே இருக்கும் வரிசைகள் என்று தேடிய இடமெல்லாம் இதே வீக்கம்.

தீர்வு 2012இல் வந்தது. கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் சேர்ந்து கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். ஜேக்கப்சனும் சாலி ஃப்ளாய்டும் 1993இலேயே ரெட் என்று ஒரு முறையைத் தந்திருந்தார்கள். அது வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பாக்கெட்டுகளை உதிர்க்கும். எந்த நீளத்தில் உதிர்ப்பது என்று ஒவ்வோர் இடத்திலும் கையால் அமைக்க வேண்டியிருந்ததால் பெரும்பாலானோர் அதை இயக்கவே இல்லை. கோடெல் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் உள்ளே வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, வெளியேறும்போது எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லிவினாடி நேரத்துக்குள் ஒருமுறையாவது காத்திருப்பு 5 மில்லிவினாடிக்குக் கீழே இறங்கியிருந்தால் அது வந்துபோகும் கூட்டம், விட்டுவிடலாம். அந்த நேரம் முழுக்க ஐந்துக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் அது நிலைத்துவிட்ட வரிசை. உடனே ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே உதிர்க்கிறது. வரிசை அடங்காவிட்டால் அடுத்தடுத்து உதிர்ப்பதை விரைவாக்குகிறது. மணி சரியான நேரத்தில் அடித்துவிடுகிறது. அப்லோட் செய்யும் கருவியும் நிதானித்துக்கொள்கிறது.

அதன் மேல் இன்னொரு நல்ல யோசனையை எரிக் டுமாசே, டேவ் டாட் போன்றவர்கள் சேர்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே வரிசை எதற்கு? ஒவ்வோர் உரையாடலையும் தனி வரிசையில் நிறுத்தி, முறைவைத்து ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்தால் போதும். அரிதாக வந்துபோகும் சின்னப் பாக்கெட்டுகளுக்கு முதல் வாய்ப்பு. பாட்டிக்குத் தபால் தலை உடனே கிடைத்துவிடும். ஐந்நூறு தபால்காரருக்கும் கண்ணுக்குத் தெரிந்த தாமதம் இராது. இதுதான் எஃப்கியூ-கோடெல். லினக்ஸில் 2012இலேயே சேர்ந்துவிட்டது. இதிலிருந்து வளர்ந்து 2018இல் லினக்ஸில் சேர்ந்த கேக் என்பதுதான் இன்று வீட்டு ரூட்டருக்கு மிகப் பொருத்தமானது. இந்தச் சீர்திருத்தத்தை ஊர் ஊராகப் பேசிப் பரப்பிய டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார். அவர் பாடுபட்டதன் பயனை இன்று பெயர் தெரியாமலே கோடிக்கணக்கான கருவிகள் அனுபவிக்கின்றன.

இவ்வளவும் இருந்தும் நம் வீட்டில் பிங் ஏன் இன்னும் எகிறுகிறது? ரூட்டரில் கேக்கை வைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதுதான் பலர் தவறவிடும் இடம். வரிசை எப்போதும் பாதை குறுகும் இடத்தில்தான் சேரும். ரூட்டருக்கும் மோடத்துக்கும் இடையில் உள்ள கேபிள் ஜிகாபிட். அங்கே நெரிசலே இல்லை. ரூட்டர் வந்ததையெல்லாம் உடனே மோடத்திடம் தள்ளிவிடுகிறது. வரிசை மோடத்தின் அசட்டு பஃபரில் சேர்கிறது. அறிவுள்ள வரிசைக்காரர் ரூட்டரில் வேலையின்றி நிற்கிறார்.

ஆகவே பாதை குறுகும் இடத்தை ரூட்டருக்குள் கொண்டுவர வேண்டும். மோடம் 10 எம்பிபிஎஸ் அனுப்பக்கூடியது என்றால் ரூட்டரை 9க்கு மேல் அனுப்பாதே என்று கட்டுப்படுத்துகிறோம். மோடத்துக்கு வருவது எப்போதும் அது அனுப்பக்கூடியதைவிடக் குறைவு; அதன் பஃபர் காலியாகவே இருக்கும். வரிசை இப்போது ரூட்டரில். அங்கே கேக் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டும் சேர்ந்த ஏற்பாட்டுக்குத்தான் ஸ்மார்ட் கியூ மேனேஜ்மென்ட், சுருக்கமாக எஸ்கியூஎம் என்று பெயர். ஒரு எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுத்து ஒரு வினாடித் தாமதத்தை விரட்டுகிறோம். நான் எந்த வீட்டுக்கும் தயங்காமல் சொல்லும் வியாபாரம் இது.

50 எம்பிபிஎஸ் டவுன்லோட், 10 எம்பிபிஎஸ் அப்லோட் உள்ள ஒரு வீட்டை வைத்துச் செய்துபார்ப்போம். இணைய நிறுவனம் தந்த பெட்டியில் பொதுவாக எஸ்கியூஎம் இருக்காது. அதை பிரிட்ஜ் நிலையில் வைக்கச் சொல்லிவிட்டு, ஓப்பன்டபிள்யுஆர்டி ஓடும் ரூட்டர் ஒன்றை அதன் பின்னால் வைக்கிறோம். முதலில் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல், கேபிள் வழியாக இணைத்த கணினியில் ஸ்பீடு டெஸ்ட் எடுக்க வேண்டும். காலையில் ஒருமுறை, எல்லோரும் படம் பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை. விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்பக் கூடாது. அளந்து வந்ததில் குறைந்த எண்ணே கணக்கு. இந்த வீட்டில் இரவிலும் 50, 10 வருகிறது என்று கொள்வோம். தொண்ணூறு சதவீதம் எடுத்தால் 45, 9.

ரூட்டரின் மென்பொருள் பக்கத்தில் `luci-app-sqm` என்ற பொதியை நிறுவினால் `Network` பட்டியலில் `SQM QoS` தோன்றும். அங்கே நிரப்புவது இந்தக் கோப்பில் வந்து உட்காரும்: `/etc/config/sqm`

```
config queue
    option enabled '1'
    option interface 'pppoe-wan'
    option download '45000'
    option upload '9000'
    option qdisc 'cake'
    option script 'piece_of_cake.qos'
    option linklayer 'ethernet'
    option overhead '44'
```

வேகங்கள் கிலோபிட்டில் என்பதை மறக்க வேண்டாம். 45 என்று மட்டும் போட்டால் இணையம் நின்றேபோகும். `pppoe-wan` என்பது பயனர்பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் இணைப்புகளுக்கு. மற்றவற்றில் வெளிப்பக்க இணைப்பின் பெயர் வேறாக இருக்கும், திரையிலேயே பட்டியல் வரும். 44 என்பது ஒவ்வொரு பாக்கெட்டும் வழியில் சுமக்கும் உறைகளுக்கான பைட் கணக்கு. இதைக் குறைத்துப் போட்டால், சின்னப் பாக்கெட்டுகள் நிறைய போகும்போது ரூட்டரின் கணக்கு தப்பி வரிசை திரும்ப மோடத்துக்குப் போய்விடும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கெடுதலில்லை.

இப்போது தொடக்கத்தில் செய்த அதே சோதனை. பிங் ஓடட்டும், வீடியோ ஏறட்டும். 20 இருந்த இடத்தில் 25, 30 என்று சில மில்லிவினாடிகள் மட்டும் கூடினால் வேலை முடிந்தது. இன்னும் நூறைத் தொட்டால் அப்லோடை 8500க்கு இறக்குங்கள். அடங்கிவிட்டால் 9300, 9500 என்று மெல்ல ஏற்றி, பிங் தடுமாறத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

டவுன்லோட் பக்கம் இவ்வளவு கச்சிதமாக அமையாது. அங்கே வரிசை சேர்வது இணைய நிறுவனத்தின் கருவியில். நம் ரூட்டர் வந்து சேர்ந்த பாக்கெட்டைத்தான் தாமதிக்கவோ உதிர்க்கவோ முடியும். அதைக் கண்டு தொலைவில் உள்ள சர்வர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பக்கம் இயங்குகிறது. பெரும்பாலும் குறைத்துக்கொள்ளும். ஆனால் இடைவெளி கொஞ்சம் கூட வேண்டும். தேவைப்பட்டால் எண்பத்தைந்து சதவீதம்வரை இறக்கலாம்.

சில இடங்களில் இது பலிக்காது. முதலில் பார்க்க வேண்டியது வைஃபை. இன்னொரு பிங்கை ரூட்டரின் சொந்த முகவரிக்கே, பெரும்பாலும் `192.168.1.1`, ஓடவிடுங்கள். அதுவே எகிறினால் நெரிசல் வீட்டுக்குள், காற்றில்தான். எஸ்கியூஎம் அதைத் தொடாது. ரூட்டரை இடம் மாற்றுவதோ, கேம் ஆடும் கணினிக்குக் கேபிள் இழுப்பதோதான் வழி.

அடுத்தது ரூட்டரின் வலிமை. ஒவ்வொரு பாக்கெட்டையும் நேரம் பார்த்து அனுப்புவது சிப்புக்குக் கடின வேலை. விலை குறைந்த பழைய ரூட்டர்கள் நூறு, இருநூறு எம்பிபிஎஸ்ஸைத் தாண்டும்போதே மூச்சுத் திணறும். 300 என்று அமைத்தும் 140க்கு மேல் போகவில்லையென்றால் இணைப்பில் பழுதில்லை, சிப் போதவில்லை என்று பொருள். ஹார்டுவேர் ஆஃப்லோட் என்ற வேக வசதி இயங்கினால் பாக்கெட்டுகள் எஸ்கியூஎம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதை அணைத்துத்தான் ஆக வேண்டும். பெட்டியின் மேல் கியூஓஎஸ் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்தும் வாங்க வேண்டாம். யாருக்கு முன்னுரிமை என்று பட்டியல் போடுவதோடு அவற்றில் பல நின்றுவிடும். வரிசையை யாரும் கட்டுப்படுத்துவதில்லை. மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸ் 7இல் கேக்கும் எஃப்கியூ-கோடெல்லும் உண்டு. யூபிக்விட்டியில் ஸ்மார்ட் கியூஸ் என்ற பெயரில் இருக்கும்.

4ஜி, 5ஜி இணைப்புகளில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நிலையான எண் ஒன்று போட்டால் ஒருநேரம் வேகம் வீணாகும், ஒருநேரம் வரிசை வீங்கும். பிங்கைத் தொடர்ந்து பார்த்து எண்ணைத் தானே ஏற்றி இறக்கும் `cake-autorate` என்ற நிரல் இதற்காகவே எழுதப்பட்டது. மாறாக, இரு பக்கமும் ஐந்நூறு எம்பிபிஎஸ் தரும் ஃபைபர் வீட்டில் ஒரு கைப்பேசி அப்லோட் அந்த வாசலை நிரப்புவதே அரிது. அங்கே முதலில் சோதித்துவிட்டு, பிங் எகிறினால் மட்டும் இதில் இறங்கினால் போதும்.

பிளானை மாற்றும் நாளில் அந்த இரண்டு எண்களையும் மாற்ற மறந்துவிடாதீர்கள். 200 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டினாலும் ரூட்டர் 45லேயே நிறுத்தி வைத்திருக்கும். அந்த நேரம் கஸ்டமர் கேரில் யாரைக் கேட்டாலும் காரணம் தெரியாது.